காக்காவும் தாத்தாவும் ஒன்றாகும்போது

"மேடம், இவனுக்கு நாக்கு புரளல. வசம்பு தேய்ச்சுப் பார்த்துட்டோம், ஒண்ணும் கேக்கல" என்றார் பாட்டி. பேச்சுப் பயிற்சியாளரான என்னிடம் கூட்டிவந்திருந்த பையனுக்கு நான்கு வயது இரண்டு மாதம். ஜன்னலுக்கு வெளியே ஒரு காகத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தான். "தாத்தா! தாத்தா பறந்துபோச்சு!"

அவனுடைய அப்பா சிரித்துக்கொண்டே, "தாத்தாவா பறந்தாரு?" என்று கேட்டார். பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "தாத்தா இல்ல! தாத்தா!" என்றான். நமக்கு இரண்டும் ஒரே சொல்லாகக் கேட்கிறது, அவனுக்கு அப்படி இல்லை. அவன் முன்னால் ஒரு கிழவர் படத்தையும் ஒரு காகத்தின் படத்தையும் வைத்து, நான் "காக்கா" என்றால் காகத்தைத்தான் தொடுகிறான், தவறுவதே இல்லை.

இந்தப் பையனுக்கு இருப்பது உச்சரிப்புக் குறைபாடு அல்ல, ஒலியமைப்புக் குறைபாடு. ரிப்போர்ட்டில் முன்னதை ஆர்ட்டிகுலேஷன் என்றும் பின்னதை ஃபோனாலஜிக்கல் என்றும் எழுதுவோம். வீட்டில் இரண்டுக்கும் "மழலை இன்னும் போகல" என்று ஒரே பெயர்தான். ஆனால் தரவேண்டிய பயிற்சி வேறு வேறு.

அதே வாரம் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்றும் வந்திருந்தாள். பஸ், சாதம், சைக்கிள் என்று எதைச் சொன்னாலும் 'ஸ' ஒலி வரவேண்டிய இடத்தில் நாக்கு நுனி பல்லுக்கு நடுவே எட்டிப் பார்க்கும். காற்று சீறிக்கொண்டு வராமல் மழுங்கி வரும். சொல்லின் முதலில், நடுவில், கடைசியில் எங்கே வந்தாலும் அதே பிழைதான். மற்ற ஒலிகள் எல்லாம் சுத்தம். அவள் பேசுவது எல்லோருக்கும் புரிகிறது, ஒரு சொல் இன்னொரு சொல்லாக மாறுவதில்லை. வாய்க்கு ஒரு வேலையைச் சரியாகச் செய்யத் தெரியவில்லை, அவ்வளவுதான். இதுதான் உச்சரிப்புக் குறைபாடு. கண்ணாடி முன் உட்காரவைத்து, பல்லை மூடி, நாக்கைப் பின்னால் வைத்துக் காற்று விடப் பழக்குவோம். முதலில் தனி ஒலி, அப்புறம் சொல், அப்புறம் வாக்கியம்.

சரி, பையனிடம் வருவோம். அவன் அம்மா, "க மட்டும்தான் வரல மேடம்" என்றார். நான் ஐம்பது படங்களைக் காட்டிச் சொல்லச் சொன்னேன். கண்ணாடி தண்ணாடி ஆனது, கிளி திளி ஆனது. சர்க்கரை சத்தர, பைக் பைத். அதோடு மாங்கா என்பது மாந்தா ஆனது, தங்கச்சி தந்தச்சி ஆனாள். தமிழில் ஓர் எழுத்து பல ஒலிகளைச் சுமக்கிறது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். காக்காவில் வரும் க வேறு, மாங்காயில் ங-வுக்குப் பின்னால் வரும் க வேறு. அந்த ங-வும் தனி ஒலி. இவை மூன்றுமே நாக்கின் பின்பகுதி மேலே எழும்பி அண்ணத்தைத் தொடுவதால் பிறக்கிறவை. பையன் மூன்றையுமே முன்னால் தள்ளிப் பல்லருகே கொண்டுவந்துவிடுகிறான். ஆக, போனது ஓர் எழுத்து அல்ல, 'பின்னால் பிறக்கும் ஒலி' என்ற இனமே. தொண்டைப் பக்கம் பிறப்பதை எல்லாம் பல்லருகே சொல்வது என்று அவன் மூளை தனக்கென ஒரு விதி வைத்திருக்கிறது. விதியைத் துளியும் பிசகாமல் பின்பற்றுகிறான், பாவம்.

வாய்க்கு முடியாதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பாயில் மல்லாந்து படுக்கவைத்து, வாய் கொப்பளிப்பதுபோல் 'க்க்க்' என்று விளையாடச் சொன்னேன். அருமையாகச் சொன்னான். எழுந்து உட்கார்ந்ததும் காக்கா மறுபடி தாத்தா. நாக்கில் பலம் இருக்கிறது, அசைவும் இருக்கிறது. எந்தச் சொல்லில் எந்த ஒலி என்று பிரித்துவைத்திருக்கும் இடத்தில்தான் சிக்கல்.

'நாக்கு ஒட்டி இருக்கு, வெட்டிவிடலாம்' என்று யாராவது சொன்னால் இதையே யோசித்துப் பாருங்கள். ஒட்டியிருக்கும் நாக்கில் தடைப்படுவது நுனியின் அசைவு. இவனோ நுனியை வைத்துத்தான் எல்லாவற்றையும் சொல்கிறான்! பின்நாக்கு ஒலி வராததற்கு நுனியை எதற்கு வெட்ட வேண்டும்? வசம்பும் இந்த விதியை மாற்றாது.

இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை நானே செய்து கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதேபோன்ற ஒரு குழந்தைக்கு இரண்டு மாதம் க, க, க என்று தனி ஒலியாகவே பயிற்சி கொடுத்தேன். என் அறையில் அட்டகாசமாகச் சொல்வான். வாசலில் செருப்பு மாட்டும்போதே, "அம்மா, தடைத்துப் போலாம்" என்பான்.

வீட்டில் நீங்களே கவனிக்கலாம். ஒரு வாரம் குழந்தை தவறாகச் சொல்லும் சொற்களை, சொல்கிறபடியே நோட்டில் எழுதுங்கள். திருத்த வேண்டாம், எழுதினால் போதும். பிழை ஓர் ஒலியோடு நின்று, எங்கே வந்தாலும் ஒரே மாதிரி மழுங்கினால் அநேகமாக உச்சரிப்பு. பல ஒலிகள் ஒரே திசையில் மாறி, இரண்டு சொற்கள் ஒன்றாகிவிட்டால் ஒலியமைப்பு. பால், கால், பல் எல்லாமே கடைசி ஒலியை இழந்து பா, கா, ப என்று நிற்பதும் இந்த வகைதான். ஒரே சொல்லை மூன்று முறை கேட்டால் மூன்று விதமாகச் சொல்கிற குழந்தை இரண்டிலும் சேராது, அதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். இரண்டு குறைபாடும் கலந்து இருக்கும் குழந்தைகளும் உண்டு.

வயதையும் பார்க்க வேண்டும். இரண்டரை வயதில் காக்கா தாத்தா ஆவது இயல்பு. மூன்றரை தாண்டியும் மாறாவிட்டால் காட்டுங்கள். நான்கு வயதில் வெளியாட்களுக்கும் குழந்தையின் பேச்சு பெரும்பாலும் புரிய வேண்டும். உங்களுக்குப் புரிவது கணக்கில் வராது, உங்கள் காது பழகிவிட்டது. ழ வரவில்லை என்று நான்கு வயதில் யாரும் ஓடிவர வேண்டாம், அது பெரியவர்கள் பலருக்கே வருவதில்லை. எந்த வகையானாலும் முதலில் காது பரிசோதனை. சளியால் நடுக்காதில் நீர் கட்டியிருந்தால் மற்றதெல்லாம் வீண்.

பையனுக்குக் காது நன்றாக இருந்தது. அவனுக்கு நான் எடுத்தது ஜோடிப் படங்கள்: கோடு, தோடு. கட்டு, தட்டு. காய், தாய். அவன் கேட்கிற அட்டையை நான் எடுத்துக் கொடுக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. கோடு வேண்டும் என்று "தோடு" என்றான். தோட்டைக் கொடுத்தேன். முறைத்தான். மறுபடி "தோடு". மறுபடி தோடு. தான் சொன்னதுதான் தவறான அட்டையைக் கொண்டுவருகிறது என்று அந்த முறைப்பில்தான் அவனுக்கு உறைக்க ஆரம்பித்தது. வீட்டில் "க சொல்லு, சரியா சொல்லு" என்று யாரும் நச்சரிக்கக் கூடாது என்றேன். அவன் "தாத்தா பறத்துது" என்றால் "ஆமா, காக்கா பறக்குது, கறுப்புக் காக்கா" என்று நீங்கள் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனால் போதும் என்றேன்.

ஏழாவது வாரம் அம்மா பதறிக்கொண்டு போன் செய்தார். "மேடம், பயிற்சியில ஏதோ தப்பாயிடுச்சு. இப்ப அவங்க தாத்தாவையே காக்கான்னு கூப்பிடுறான். மாமனார் சாப்பிட மாட்டேங்குறார்."

க என்று தனியாக ஓர் ஒலி இருப்பதைக் கண்டுபிடித்த குழந்தை, கொஞ்ச நாள் அதை எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கும். மாமனாரிடம் இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன்.