முட்டை அப்பம்: மூடி போடும் நேரம்

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மாலை வேளைக் கடைகளில் சுடும் முட்டை அப்பத்தில், ஓரம் மொறுமொறுவென்றும், வெள்ளைக்கரு வெந்தும், மஞ்சள்கரு குழைவாகவும் இருக்க வேண்டும். மூன்றும் ஒரே சட்டியில், ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் நடந்தாக வேண்டும்.

சட்டியைச் சுழற்றும்போது பக்கங்களில் ஒட்டும் மாவு மெல்லிய படலமாக நிற்கிறது. மிச்சம் வழிந்து நடுவில் தேங்குகிறது. ஓரத்தில் நீர் சீக்கிரம் வற்றிவிடுவதால் அங்கே சூடு நூறு பாகையைத் தாண்டி, தேங்காய்ப்பாலும் மாவும் சிவக்கின்றன. நடுவில் நீர் இருக்கும்வரை நூறைத் தாண்டாது. அதனால்தான் அது வெள்ளையாகவும் பஞ்சுபோலவும் இருக்கிறது. சட்டி அதிகம் காய்ந்திருந்தால் மாவு சுழலும் முன்பே பிடித்துக்கொள்ளும். காயாவிட்டால் பக்கத்தில் நிற்காமல் முழுவதும் கீழே வழிந்துவிடும். மாவு ஊற்றியதும் 'சுர்' என்று ஒலி வந்தால் பதம் சரி.

முட்டையை உடனே உடைத்து ஊற்றக் கூடாது. மாவு இன்னும் பச்சையாக இருந்தால் முட்டை அதைத் துளைத்துக்கொண்டு சட்டியில் ஒட்டும். நடுவில் குமிழ்கள் வெடித்துக் கண் கண்ணாகத் தெரியும்வரை, அரை நிமிடம்போல், பொறுக்க வேண்டும்.

வெள்ளைக்கரு 62 பாகையளவில் இறுகத் தொடங்கினாலும், நன்கு கெட்டிப்பட 80 பாகை வேண்டும். மஞ்சள்கருவோ 65-க்கும் 70-க்கும் இடையிலேயே இறுகிவிடும். அப்படியானால் மஞ்சள்கருதானே முதலில் வேக வேண்டும்? அடிச்சூடு அதை எட்டுவதற்கு மாவையும் வெள்ளைக்கருவையும் கடந்து வர வேண்டியிருப்பதால்தான் அது தப்புகிறது.

ஆனால் திறந்த சட்டியில் முட்டையின் மேற்பரப்பு நீரை ஆவியாக விட்டுக் குளிர்ந்துகொண்டே இருக்கும். மேலே உள்ள வெள்ளைக்கரு சளிபோல் நிற்கும். மூடினால் கதை மாறுகிறது. ஆவி முட்டையின் மேல் நீராகப் படியும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் 2260 ஜூல் வெப்பத்தைக் கொடுக்கிறது. ஒரு கிராம் நீரைப் பூச்சியத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரவே 420 ஜூல்தான் தேவை. எனவே மேற்பக்கமும் விரைவாக வேகிறது. மஞ்சள்கருவின் மேல் வெள்ளைத் திரை விழுந்ததும் மூடியை எடுத்துவிடலாம். மிதமான தீயில் ஒன்று முதல் ஒன்றரை நிமிடம் ஆகும். அந்தத் திரை தடித்து மங்கினால் உள்ளே கரு இறுகத் தொடங்கிவிட்டது.

மூடியின் கெடுதி ஓரத்துக்குத்தான். அதே ஆவி மொறுமொறுப்பான படலத்தில் ஈரமேற்றித் துவள வைக்கும். மூடியில் திரண்ட நீர் அப்பத்தில் சொட்டாதபடி மூடியைப் பக்கவாட்டில் விலக்கி, மேலும் அரை நிமிடம் திறந்து வைத்தால் ஓரம் மீண்டும் காயும்.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக எடுத்த முட்டை வேண்டாம். 5 பாகையிலிருந்து 70-க்கு ஏற்ற 65 பாகை வேண்டும். அறைச்சூட்டில் 30 பாகையில் உள்ள முட்டைக்கு 40 போதும். குளிர்முட்டைக்கு அறுபது சதவீதத்துக்கும் மேல் கூடுதல் வெப்பம் வேண்டும். அது சேர்வதற்குள் அடி கருகிவிடும்.