படத்தில் விழாமல் போன கடைசி வரி

சிங்கப்பூரின் ஈசூனில் உயர்நிலைப் பிள்ளைகளுக்குக் கணக்குத் துணைப்பாடம் எடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவி, பயிற்சித்தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஒரு மளிகைக்கடை ரசீது. அரிசி 2 பை, தலா 18.50 வெள்ளி. நல்லெண்ணெய் 3 பாட்டில், தலா 14 வெள்ளி. துவரம்பருப்பு 5 பாக்கெட், தலா 6 வெள்ளி. மொத்தம் 109 வெள்ளி, 10 விழுக்காடு தள்ளுபடி போக 98.10. வரி நீங்கலாகக் கடைக்காரரின் அடக்கவிலை 75 வெள்ளி. லாப விழுக்காடு என்ன என்பது கேள்வி.

98.10இல் 75ஐக் கழித்து, லாபம் 23.10, அதாவது 30.8 விழுக்காடு என்று எழுதியிருந்தாள். படத்தின் அடிப்பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. தாள் முழுவதும் தெரிகிற மாதிரி இன்னொரு படம் கேட்டேன். ரசீதின் கடைசியில், பொடி எழுத்தில், 'விலையில் 9% ஜிஎஸ்டி அடங்கும்' என்று இருந்தது. அந்த வரிதான் கணக்கையே மாற்றுகிறது. வரிப் பணம் கடைக்காரருடையது அல்ல. அவர் வசூலித்து அரசாங்கத்துக்குக் கட்டுகிறார். அதை லாபத்தில் சேர்க்கக்கூடாது.

சரி, வரியை எப்படிப் பிரிப்பது? இங்கேதான் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள். அவளும் 98.10இல் 9 விழுக்காடு எடுத்து, வரி 8.83, மீதி 89.27 என்றாள். "89.27க்கு 9 விழுக்காடு கூட்டிப் பாரும்மா" என்றேன். 97.30தான் வந்தது. 80 காசு குறைகிறதே என்று அவளே பிடித்துவிட்டாள். 9 விழுக்காடு என்பது வரிக்கு முந்தைய விலையின் மேல் போடப்படுவது. அந்த விலை 100 என்றால் வாடிக்கையாளர் தருவது 109. ஆகவே தந்த பணத்தில் 109இல் 9 பங்குதான் வரி:

98.10 × 9/109 = 8.10

மீதி 90 வெள்ளி. லாபம் 15. அடக்கவிலை 75க்கு அது 20 விழுக்காடு. முதல் விடையிலிருந்து எவ்வளவு தூரம் பாருங்கள்!

மங்கலான படமென்றால், எண்ணிக்கையைத் தனிவிலையால் பெருக்கி ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கச் சொல்வேன். பருப்பின் 6 என்பது 8 மாதிரித் தெரிந்தால், 5 பாக்கெட்டுக்கு 40 வரும். ரசீதில் 30 இருக்கும்.

சிங்கப்பூர்க் கடைகளில் ஒட்டியிருக்கும் விலை பொதுவாக வரி சேர்ந்ததே. சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்கள் விதிவிலக்கு. அங்கே உணவுப் பட்டியலில் வரி சேர்க்காத விலையைப் போடலாம்; அந்த ரசீதில் முதலில் சேவைக் கட்டணம், அப்புறம் இரண்டும் சேர்ந்த தொகைக்கு வரி.

பழைய தாள்களில் தேதியையும் பார்க்கவேண்டும். 9 விழுக்காடு வந்தது 2024 ஜனவரியில். 2023 ரசீதுக்கு 8/108, அதற்கு முந்தைய ஆண்டு ரசீதுக்கு 7/107.