"எனக்கு ஏலமே பிடிக்காது" என்று நண்பன் சொன்னால்

போர்டு கேம் வடிவமைப்பது என் வேலை. ஒரு கேமின் முதல் சில பிளேடெஸ்டுகளை, அதாவது கேமைச் சோதித்துப் பார்க்கும் ஆட்டங்களை, எப்போதும் நண்பர்களை வைத்துத்தான் நடத்துகிறேன். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை ஒன்று இருக்கிறது, சனிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு தே தாரிக்கோடு அங்கே உட்கார்ந்துவிடுவோம். நண்பர்கள் நேரம் கொடுப்பார்கள், மனசாரப் பேசுவார்கள். ஆனால் அவர்கள் பேச்சில் எது கேமின் கோளாறு, எது அவரவர் ரசனை என்று பிரிக்கத் தெரியாவிட்டால், நாலு பேருக்காக நாலு பக்கம் இழுத்து நல்ல கேமையே கெடுத்துவிடுவோம். புதிதாக இதில் இறங்குகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

போன கேமில் நடந்ததைச் சொல்கிறேன். மீன், கீரை, இறைச்சி விற்கும் ஈரச்சந்தையை வைத்துச் செய்த கேம். நாலு பேர், எட்டுச் சுற்று, ஆளுக்கு 20 வெள்ளி. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கடை ஏலத்துக்கு வரும், அதிகம் கேட்டவருக்குக் கடை, அந்தக் காசு வங்கிக்கு. கடை கிடைத்தவருக்குச் சுற்றுக்குச் சுற்று வருமானம். மேசைக்குப் போகும் முன்பே ஒரு தாளில் எழுதிவைத்தேன்: 'குடும்பமாக விளையாட, 45 நிமிடம், ஏலம்தான் உயிர்.' இப்படி முதலில் எழுதிவைத்தால்தான், பின்னால் வரும் குறைகளை எதோடு ஒப்பிடுவது என்று தெரியும்.

ஆட்டம் முடிந்ததும் ஒருவன், "எனக்கு ஏலமே பிடிக்காதுடா, எடுத்துடு" என்றான். இன்னொருவர், "நல்லாருக்கு தம்பி" என்றார். இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் ஒன்றும் புரிந்திருக்காது. ஆட்டம் நடக்கும்போது நான் வாயைத் திறப்பதில்லை, சுற்று வாரியாக யார் எவ்வளவு கேட்டார்கள், யார் எப்போது போனை எடுத்தார்கள் என்று மட்டும் குறிப்பேன். அந்தத் தாளைப் பார்த்தால், ஐந்தாம் சுற்றிலிருந்து மூன்று பேர் 0 அல்லது 1 வெள்ளிதான் கேட்டிருக்கிறார்கள். "நல்லாருக்கு" என்ற அண்ணன் ஏலம் என்றால் உயிரை விடுகிறவர், அவரும் ஆறாம் சுற்றில் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஏலம் பிடிக்காதவனிடம், "எந்தச் சுற்றிலே சலிச்சுது? அப்போ கையிலே எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டேன். "அஞ்சாவது. மூணு வெள்ளி. கேட்டும் பிரயோஜனம் இல்லைன்னு விட்டுட்டேன்." அதுதான் கோளாறு. இரண்டாம் சுற்றில் மீன் கடையைப் பிடித்தவருக்குச் சுற்றுக்கு 6 வெள்ளி வருகிறது, மற்றவர்களுக்கு 2. பாதி ஆட்டத்திலேயே மற்றவர்களுக்குச் செய்ய எதுவும் இல்லை. அவன் சொன்ன தீர்வு ரசனை, அவன் பட்ட சலிப்பு உண்மை. ஏலத்தை விரும்புகிறவரும் வெறுக்கிறவனும் ஒரே இடத்தில் தேங்கி நிற்கிறார்கள் என்றால் அது கேமின் கோளாறுதான் என்று முடிவுசெய்வேன். வாய் மட்டும் குறை சொல்கிறது, ஆனால் கை கடைசிவரை ஆர்வமாக விளையாடுகிறது என்றால் பெரும்பாலும் ரசனை.

ஆனால் எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணி முடிவெடுக்கக் கூடாது. அதே இரவில் ஒருவர் மட்டும் கீரைக் கடையையும் இறைச்சிக் கடையையும் மாற்றி மாற்றி எடுத்தார், மற்ற மூவருக்கும் அந்தச் சிக்கலே இல்லை. அவருக்குப் பச்சையும் சிவப்பும் பிரித்துத் தெரியாது. அவர் ஒருவர்தான் என்றாலும் அது முழுக்க என் பிழை. அட்டை மூலையில் ஓர் இலை, ஓர் எலும்பு என்று வடிவம் போட்டதும் சரியாகிவிட்டது.

ஏலத்துக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்தேன்: வென்றவர் கொடுக்கும் காசு வங்கிக்குப் போகாது, தோற்ற மூவருக்கும் சமமாகப் பிரியும், மிச்சம் இருந்தால் மட்டும் வங்கிக்கு. 9 வெள்ளிக்குக் கடை போனால் ஆளுக்கு 3 வெள்ளி. கூடவே மீன் கடையின் வருமானத்தையும் குறைக்கலாம் என்று கை பரபரத்தது, விட்டுவிட்டேன், இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் ஏழாம் சுற்றுவரை நாலு பேரும் போட்டிபோட்டுக் கேட்டார்கள். இரண்டு ஆட்டத்தை வைத்து மீன் கடையின் பலம் சரியா என்று சொல்லவே முடியாது, அதற்கு இன்னும் நிறைய ஆட்டம் வேண்டும். அதுவும் இந்த நால்வர் போதாது, அவர்களுக்கு விதிகள் மனப்பாடம் ஆகிவிட்டன. விதித்தாளை மட்டும் கையில் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கி நிற்க, என்னைத் தெரியாத ஆட்கள் வேண்டும்.

முதலில் குறை சொன்ன நண்பன் கடைசிச் சுற்றில் 11 வெள்ளிவரை ஏற்றிக் கேட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு வெள்ளி வித்தியாசத்தில் கடையை விட்டான். எழுந்து கிளம்பும்போது, "இப்பவும் எனக்கு ஏலம் பிடிக்காதுடா" என்றான். அதை ரசனை என்ற பத்தியில் எழுதிக்கொண்டேன்.