சாம்பாரில் கோதுமை: மெனுவை மொழிபெயர்க்கும்போது ஒவ்வாமைக் குறிப்பு எழுதும் முறை

“நெய் மசால் தோசை – சாம்பார், இரண்டு சட்னியுடன். சைவம்.” சென்னை ஓட்டல் பலகையில் இந்த ஒரு வரி போதும். இதே மெனு லண்டனில் திறக்கும் கிளைக்காக ஆங்கிலத்துக்குப் போகும்போது, “அரிசி மாவுதானே” என்று, கோதுமைப் புரதமான குளூட்டன் இல்லை எனச் சொல்லும் ‘குளூட்டன் ஃப்ரீ’ ஒட்டிக்கொள்கிறது. சைவம், பாலும் நெய்யும்கூடச் சேராத ‘வீகன்’ ஆகிவிடுகிறது. இரண்டும் பொய். முதல் பொய், பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்தாலே தெரிந்துவிடும்.

கடையில் கிடைக்கும் தூள் பெருங்காயம் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மைதாவோ அரிசி மாவோ சேர்த்துத்தான் அரைத்திருப்பார்கள். மைதா சேர்ந்த வகை 2 கிராம், 5 கிலோ சாம்பாரில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தூளில் பாதி மைதா என்றால் 1 கிராம். மைதாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன். ஆக 100 மில்லிகிராம். ஐந்து கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு 20 மில்லிகிராம். பிரிட்டனிலும் இந்தியாவிலும் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று எழுத அனுமதிக்கப்பட்ட உச்ச அளவும் சரியாக இதுதான். மாஸ்டரின் கை கொஞ்சம் தாராளமாகி 4 கிராம் போட்டால் அளவு இரட்டிப்பாகும். மைதாவின் பங்கு பிராண்டுக்குப் பிராண்டு மாறும் என்பதால், ஆய்வகச் சோதனை இல்லாமல் அந்தச் சொல்லை எழுத யாருக்கும் வழியில்லை.

இந்த 20 மில்லிகிராம் வரம்பு, குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயாளிகளுக்காக வகுத்தது. கோதுமைப் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு அது எந்த உத்தரவாதமும் தராது. அவருக்குத் தேவை ‘கோதுமை உள்ளது’ என்ற நேரடி வாக்கியம். பெருங்காயம் வழியாக வந்தாலும் மைதா ஒரு சேர்மானப் பொருள்தான். எவ்வளவு குறைவாக இருந்தாலும் குறிப்பில் வர வேண்டும்.

அடுத்து சட்டப் பட்டியல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 விதி 2014 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள 14 ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியல்தான் பிரிட்டனிலும் தொடர்கிறது. கடுகும் எள்ளும் அதில் உண்டு. இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் கொண்டுவந்த லேபிள் விதிகளின் பட்டியலில் இவை இரண்டும் இல்லை. ஆகவே இந்திய விதிப்படி பிழையே இல்லாத ஒரு குறிப்பை வரிக்கு வரி மொழிபெயர்த்தாலும், லண்டனில் அது குறையுள்ள குறிப்புதான். தாளிப்பில் கடுகு இல்லாத தென்னிந்திய மெனு ஏது? உருளைக்கிழங்கு மசாலா, சாம்பார், சட்னி மூன்றிலுமே கடுகு வெடிக்கிறது.

எள் வேறு வழியில் ஒளிந்துகொள்கிறது. இட்லிப் பொடியில் எள் இருப்பது கண்ணுக்குத் தெரியும். பொடியில் குழைத்த நல்லெண்ணெய் தெரியாது. இந்திய ஆங்கிலத்தில் நல்லெண்ணெயை ‘ஜிஞ்சலி ஆயில்’ என்போம். எள் ஒவ்வாமையுள்ள லண்டன்வாசி தன் வாழ்நாள் முழுவதும் ‘செசமி’ என்ற சொல்லைத்தான் தேடிப் பழகியிருப்பார். ‘ஜிஞ்சலி’யைப் பார்த்தால் ஏதோ இந்திய வாசனை என்று கடந்துபோவார். பொருளின் பெயர் அகராதிப்படி சரியாக இருப்பது போதாது. சட்டப் பட்டியலில் அது எந்தப் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயரே அச்சாக வேண்டும். நெய்க்குப் பக்கத்தில் ‘மில்க்’ என்று எழுதுவதும் இதனால்தான்.

‘கடலை’ இன்னும் சிக்கல். கடலை மிட்டாயிலும் கடலை எண்ணெயிலும் அது வேர்க்கடலை. கடலை மாவிலும் கடலைப்பருப்பிலும் அது கொண்டைக்கடலை இனம். முதலாவது 14 பொருள்களில் ஒன்று. இரண்டாவது பட்டியலிலேயே இல்லை. “கடலைச் சட்னி” என்று எழுதிய தாளை வாங்கும் மொழிபெயர்ப்பாளர் பொட்டுக்கடலையா, வேர்க்கடலையா என்று சமையலறையைக் கேட்டே ஆக வேண்டும். ஊகிக்க இதில் இடமில்லை. ‘நட்ஸ்’ என்று பொத்தாம்பொதுவாகப் போடுவதும் உதவாது. வேர்க்கடலை அவரை இனம், முந்திரி மரக்கொட்டை. இரண்டும் பட்டியலில் தனித்தனி வரிகள். முந்திரி ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் பிஸ்தாவும் ஒத்துக்கொள்ளாது, ஆனால் அவர்களில் பலருக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளும். எந்தக் கொட்டை என்று பெயர் சொன்னால்தான் அவரால் முடிவெடுக்க முடியும்.

மெனுவில் பெருமையாக இடம்பெறும் ‘செக்கு எண்ணெய்’ பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வாமையைத் தூண்டுவது கொழுப்பு அல்ல, புரதம். நன்கு சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய நீங்கிவிடும். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் தங்கியிருக்கும். பிரிட்டனில் முழுமையாகச் சுத்திகரித்த சோயா எண்ணெய்க்கு மட்டும் விலக்கு உண்டு. கடலை எண்ணெய்க்கு எந்த நிலையிலும் கிடையாது.

இப்போது ‘சைவம்’. நம் வழக்கில் அது இறைச்சி, மீன், முட்டை இல்லாதது; பால், தயிர், நெய் தாராளமாக உண்டு. அதை ‘வெஜிடேரியன்’ என்று எழுதலாம், ‘வீகன்’ என்று எழுதக் கூடாது. உண்மையாகவே வீகன் உணவாக இருந்தாலும் அந்தச் சொல் ஒவ்வாமைக் குறிப்புக்கு மாற்றாகாது. அது உண்பவரின் கொள்கையைக் குறிக்கிறதே தவிர, கல்லில் பால் பட்டதா என்பதைச் சொல்வதில்லை. ‘லாக்டோஸ் ஃப்ரீ’யும் இப்படித்தான்: லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையை உடைத்த அல்லது நீக்கிய பாலிலும் பால் புரதம் அப்படியே இருக்கும். இலங்கைத் தமிழ் உணவகங்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். சம்பலில் மாசிக் கருவாடு சேர்ந்திருந்தால் ‘தேங்காய்ச் சம்பல்’ என்ற பெயர் மீனை மறைத்துவிடும்.

வாக்கியத்தை எப்படி அமைப்பது? மூன்று நிலைகளுக்கு மூன்று வாக்கியங்களை முடிவு செய்துகொண்டு, மெனு முழுவதும் மாற்றாமல் பயன்படுத்துவது நல்லது. சேர்மானத்தில் இருந்தால் “உள்ளது”. சேர்மானத்தில் இல்லை, ஆனால் ஒரே கல்லில் ரவா தோசையும் வார்க்கிறோம் என்றால், “கோதுமை கலந்திருக்கலாம், ஒரே கல் பயன்படுகிறது”. கேட்டால் மாற்ற முடியும் என்றால், “நெய் இல்லாமல் கேட்டு வாங்கலாம்”. மூன்றாவதைச் சுருக்கி ‘நெய் இல்லை’ என்று மொழிபெயர்ப்பது அடிக்கடி நடக்கும் விபத்து. எல்லாப் பதார்த்தத்துக்கும் “கலந்திருக்கலாம்” போட்டுத் தப்பிப்பதும் தவறு. எதைச் சாப்பிடலாம் என்று தெரியாமல் வாடிக்கையாளர் குறிப்பையே நம்ப மாட்டார்.

தமிழில் எழுதும் குறிப்பில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நம் மொழியில் எதிர்மறைச் சொல், வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. “பால், முட்டை, வேர்க்கடலை” ஒரு வரியிலும் “இல்லை” அடுத்த வரியிலும் அச்சானால் பொருள் தலைகீழாகும். “பால், முந்திரி சேர்க்காத பாயசம்” என்றால் பாலுமா, முந்திரி மட்டுமா? “பால் சேர்க்கவில்லை. முந்திரி சேர்க்கவில்லை.” இடம் கொஞ்சம் வீணாகும், பரவாயில்லை.

இப்படிப் பார்த்தால், பொட்டுக்கடலைச் சட்னியோடு வரும் அந்த நெய் மசால் தோசையின் குறிப்பு: “பால் (நெய்), கடுகு, கோதுமை (சாம்பாரின் பெருங்காயம்) உள்ளது. பொடி கேட்டால்: எள் உள்ளது.” எந்தப் பாகத்தில் என்று அடைப்புக்குள் சொன்னதால், கோதுமை ஒவ்வாதவர் சாம்பாரைத் தவிர்த்துவிட்டு கல்லைப் பற்றி மட்டும் விசாரிக்கலாம்.

இந்தக் குறிப்பு சரியாக இருப்பது சரக்கு மாறாத வரைக்கும்தான். 2014-இல் இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் ஒரு வாடிக்கையாளர் கொட்டைகள் வேண்டாம் என்று சொல்லித்தான் கறி வாங்கினார். பாதாம் தூளுக்குப் பதில் மலிவான, வேர்க்கடலை கலந்த தூளுக்கு அந்த உணவகம் மாறியிருந்தது. அவர் இறந்தார், உரிமையாளருக்கு 2016-இல் ஆறு ஆண்டுச் சிறை. ஆகவே ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பிராண்ட் பெயரோடு சேர்மானத் தாள் ஒன்று வேண்டும். புதுப் பாக்கெட் வந்ததும் லேபிளைப் படித்து, அந்தத் தாளை முதலில் திருத்தி, பிறகு எல்லா மொழி மெனுவையும் அதிலிருந்தே திருத்த வேண்டும். ஆங்கில மெனுவைப் பார்த்துத் தமிழையோ, தமிழைப் பார்த்துப் பிரெஞ்சையோ திருத்தினால், ஒரு மொழியில் விட்டுப்போன கடுகு மற்றதிலும் விட்டுப்போகும்.