மூலை லோகோவுக்காகப் போகும் கால்வாசிப் படம்

கானாடுகாத்தானிலிருந்து வந்த ஆச்சி ஒருவர் பேத்தியின் கல்யாண வீடியோவைக் கொண்டுவந்திருந்தார். வலது மேல் மூலையில், படம் எடுத்த ஸ்டுடியோவின் லோகோ. லோகோ பதியாத மூலக் கோப்பு அவர்களிடம் அழிந்துபோயிருந்தது. நீக்கிக்கொள்ளச் சம்மதம் மட்டும் தந்திருந்தார்கள். "அந்த ஓரத்தை மட்டும் நறுக்கிவிடுங்கள், தம்பி" என்றார் ஆச்சி.

காரைக்குடியில் எடிட்டிங் செய்யும் என்னிடம் பலரும் கேட்பது இதைத்தான். ஆனால் வீடியோவில் மூலையை மட்டும் நறுக்க முடியாது. படம் செவ்வகமாகவே இருக்க வேண்டும் என்பதால், லோகோ இருக்கும் பட்டை முழுவதும் போகும்.

ஆச்சியின் வீடியோ 1920×1080. லோகோவின் அடிவிளிம்பு மேலிருந்து 140 பிக்சலில் முடிந்தது. அந்தப் பட்டையை வெட்டினால் உயரம் 940 ஆகிவிடும். அகலத்திரை டிவி 16:9 என்பதால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். அதை மறைக்க உயரத்தை இழுத்தால் எல்லார் முகமும் நீண்டுவிடும். விகிதம் சரியாக அமைய மேலே 144 பிக்சலாக வெட்டி, பக்கவாட்டிலும் மொத்தம் 256 பிக்சல் போக வேண்டும். ffmpeg மென்பொருளில் அதற்கான கட்டளை:

```
ffmpeg -i in.mp4 -vf "crop=1664:936:128:144,scale=1920:1080" -c:a copy out.mp4
```

மிஞ்சுவது 1664×936, அதாவது படத்தில் முக்கால் பங்கு. அதைப் பழைய அளவுக்குப் பெரிதாக்கும்போது பட்டுச் சேலையின் ஜரிகைக் கோடுகள் மங்கும். அதுகூடப் பரவாயில்லை. வளவுக்குள் நுழையும் காட்சியில் வாசல் நிலைக்கு மேலே மரத்தில் செதுக்கிய கஜலட்சுமி இருந்தாள். வெட்டிய படத்தில் யானைகளின் கால்கள் மட்டுமே மிஞ்சின. எந்த மென்பொருளும் அதைத் திருப்பித் தராது. ஆகவே வெட்டுவதற்கு முன் அந்த 144 பிக்சலைக் கறுப்புப் பட்டையால் மூடி, வீடியோவை முழுவதும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

வெட்டினால் சரிவரும் இடங்களும் உண்டு. பழைய 4:3 வீடியோவை அகலத்திரையில் பொருத்தும்போது இருபுறமும் 240 பிக்சல் கறுப்பாக நிற்கும். லோகோ அந்தக் கறுப்புக்குள் அடங்கியிருந்தால் வெட்டுவதில் ஒரு நட்டமும் இல்லை. கைபேசிக்கு நிமிர்ந்த வீடியோ வேண்டுமென்றால் நடுவிலிருந்து 608 பிக்சல் அகலம் எடுத்தாலே போதும், லோகோ தானாக வெளியே போய்விடும். மூலம் 4கே ஆக இருந்து 1080-இல் கொடுப்பதானால் கூர்மை குறையாது. விளிம்பில் இருக்கும் பொருள்கள் போவது மட்டும் அப்போதும் போகும்.

தாலி கட்டும் திருப்பூட்டுக் காட்சிகளில் தலைக்கு மேல் வெற்றிடம் தாராளமாக இருந்தது. அவற்றை வெட்டிக் கொடுத்தேன். வாசல் நிலைக் காட்சியை இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினேன். ஆச்சி சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதில் லோகோ இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார்.