கடைக் கணக்குக்கு மூன்று நகல்: எதை எங்கே வைப்பது?

கணினி பழுதாகி வரும் கடைக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது, "பேக்கப் இருக்கா?" என்றுதான். "டி டிரைவில் இருக்கு சார்" என்பார்கள். பெரும்பாலான கடைக் கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே ஹார்டு டிஸ்க்கின் இரண்டு பாகங்கள்தான். டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

3-2-1 விதி இதற்காகத்தான். தரவு மூன்று இடத்தில் இருக்க வேண்டும், தினமும் பில் போடும் அசலையும் சேர்த்து. அவை இரண்டு வகைச் சேமிப்பில் இருக்க வேண்டும். அதில் ஒன்று கடைக்கு வெளியே இருக்க வேண்டும்.

ஒரே கணினியில் டேலி பிரைம் ஓடும் ஒரு ஹார்டுவேர் கடையை எடுத்துக்கொள்வோம். இரவு கல்லாவை முடித்ததும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகி, Alt+Y அழுத்தி, Backup கொடுக்க வேண்டும். தினமும் அன்றைய தேதியில் புது ஃபோல்டர் போடுங்கள். கணக்கு இன்று கெட்டது நாளைக்குத்தான் தெரியவந்தால், நேற்றைய நல்ல நகல் கையில் இருக்கும். முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிப் பூட்டி வையுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும்.

அப்புறம், அதே ஃபோல்டரைக் கடவுச்சொல் போட்டுச் சுருக்கி கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் மாதிரி ஒன்று வந்தால், கணினியும் மேசை டிராயரில் இருக்கும் டிஸ்க்கும் ஒன்றாக மூழ்கும். அன்றைக்குக் கைகொடுப்பது இந்த நகல்தான். டேலியின் டேட்டா ஃபோல்டரையே தானாக சிங்க் ஆக விட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். கடவுச்சொல் கணக்கர் ஒருவருக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கக் கூடாது, முதலாளியிடமும் இருக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை அந்த நகலை இறக்கி Restore செய்து பாருங்கள். ஆனால் காலியான வேறொரு ஃபோல்டரில் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா ஃபோல்டரைக் காட்டினால் இன்றைய கணக்கின் மேல் பழையது ஏறிவிடும். திறந்ததும் கடைசி பில் எண்ணையும் ரொக்க இருப்பையும் பேக்கப் எடுத்த அன்று குறித்துவைத்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் சரி. கோப்பு திறக்கவே இல்லை என்றால், அது அன்றைக்கே தெரிவது நல்லது.

தினசரி நகல்களில் ஒரு மாதத்துக்கு மேல் பழையவற்றை நீக்கலாம். மார்ச் 31 நகலை மட்டும் நீக்காதீர்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் மாலை 5 மணிக்கு டிஸ்க் போனால் அன்றைய பில்கள் போகும். வியாபாரம் அதிகமுள்ள கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் ஒரு பேக்கப் எடுங்கள். மற்றவர்கள் பில்லின் அச்சு நகலை மறுநாள் வரை கிழிக்காமல் வைத்திருந்தால், அதைப் பார்த்துத் திரும்பப் பதிந்துகொள்ளலாம்.