வாரத்துக்கு எத்தனை நோயாளி? பட்ஜெட் அங்கேதான் தொடங்குகிறது

சிறிய நிதியுதவிக்கு நம் செவிலியர்கள் எழுதும் புரொபோசல்களில், கால அட்டவணையும் பட்ஜெட்டும் தனித்தனியாகத் தயாராகி வருவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். தகவல் சேகரிப்புக்கு மூன்று மாதம் என்று போட்டிருப்பார்கள். ஏன் மூன்று என்று கேட்டால் பதில் இருக்காது.

பண்ருட்டிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதப் பராமரிப்புப் பயிற்சி கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்கும் ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். நிதிக்காலம் 12 மாதம். கடைசியில் 60 பேரின் தகவல் வேண்டும். ஐந்தில் ஒருவர் பாதியில் நின்றுவிடலாம் என்பதால் 75 பேரைச் சேர்க்க வேண்டும். தகுதியும் சம்மதமும் உள்ளவர்கள் வாரத்துக்கு நான்கு பேர்தான் கிடைக்கிறார்கள் என்றால், சேர்க்கைக்கே 19 வாரம் ஆகும். கடைசியாகச் சேர்ந்தவருக்கு அதற்கு மேல் மூன்று மாதம். ஆகக் களப்பணி மட்டும் ஏறக்குறைய ஏழரை மாதம். முன்னால் எத்திக்ஸ் கமிட்டி, சுகாதாரத் துறை அனுமதி, சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு, பைலட் ஸ்டடி எல்லாவற்றுக்கும் மூன்று மாதம், பின்னால் பகுப்பாய்வுக்கும் அறிக்கைக்கும் இரண்டு மாதம் சேர்த்தால் பன்னிரண்டரை ஆகிவிடுகிறது.

இன்னொரு நிலையத்தையும் சேர்த்தால் வாரத்துக்கு எட்டுப் பேர் கிடைப்பார்கள், சேர்க்கை பத்து வாரத்தில் முடியும். அப்புறம் மழைக்கென்று ஒரு மாதம் ஒதுக்கினாலும் 12 மாதத்துக்குள் அடங்கும். அந்த ஒரு மாதத்தை மட்டும் வெட்டாதீர்கள். 2011 டிசம்பர் இறுதியில் தானே, 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று புயல்கள் நம் கரையைத் தாக்கும் பருவம் அது. ஆகஸ்டில் நிதி வந்தால் சேர்க்கை சரியாக நவம்பரில்தான் தொடங்கும்.

இப்போது பட்ஜெட்டைத் தொடலாம். மழைக்கான மாதத்தையும் சேர்த்துக் களப்பணி ஏறக்குறைய ஆறரை மாதம் என்பதால் ஆராய்ச்சி உதவியாளருக்கு ஏழு மாத ஊதியம். மாதம் 8,000 ரூபாய் என்றால் 56,000. இரண்டு நிலையங்களுக்கும் அவர் போய்வரும் பஸ் செலவு தனி.

நோயாளியின் பயணச் செலவைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மாத்திரை வாங்க எப்படியும் வருவார்கள் என்று நம்ப முடியாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பலருக்கு மாத்திரை வீட்டுக்கே போகிறது, மறுபரிசோதனைக்கென்றே வரவேண்டியிருக்கும். 75 பேர், இரண்டு வருகை, தலா 150 ரூபாய் என்றால் 22,500.

பாதத்தின் உணர்வைச் சோதிக்கும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழை ஒன்று போதும் என்று எழுதாதீர்கள். தொடர்ந்து பத்துப் பேரைப் பரிசோதித்தால் இழை தளர்ந்து அழுத்தம் மாறிவிடும், அதற்கு ஒரு நாள் ஓய்வு தேவை. நிலையத்துக்கு இரண்டு என நான்கு கேளுங்கள், காரணத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

தொகை வரம்பைத் தாண்டினால் பயணப்படியைக் குறைக்க வேண்டாம். குறைத்தால் டிராப் அவுட் கூடி, 75 போதாமல் போகும். வண்ண அச்சுக் கையேட்டைக் கறுப்பு வெள்ளையாக்கிவிடலாம்.